மேட்ச் எண்ணிக்கை சமமில்லாத லீக்கில் யார் முதலிடம்?

“அண்ணே, எங்க லீக்ல மேலூர் 10 மேட்ச்ல 14 புள்ளி, திருமங்கலம் 7 மேட்ச்ல 11. வெற்றிக்கு 2. யாரை மேல போடுறது?”

திருமங்கலத்தைப் போடுங்க தம்பி. அவங்களுக்குக் கிடைக்கக்கூடியதே 14 புள்ளிதான். அதுல 11ன்னா 78.57 சதவீதம். மேலூருக்கு 20க்கு 14, அதாவது 70.

உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்லயும் இதே கணக்குதான், அங்க வெற்றிக்கு 12 புள்ளி. 2023–25ல தென்னாப்பிரிக்கா 12 டெஸ்ட்ல 100 புள்ளி எடுத்து 69.44 சதவீதத்தோட முதலிடம். இங்கிலாந்து 22 டெஸ்ட்ல 114 புள்ளி எடுத்தும் 43.18தான்.

மழையில மட்டும் கவனம். திருமங்கலத்துக்கு ஒரு மேட்ச் டாஸே போடாம நின்னு, ஆளுக்கு 1 புள்ளி கொடுத்தா 16க்கு 12. ஆடாமலே 75க்கு இறங்கிடுவாங்க. அந்த மேட்சைப் புள்ளியிலயும் சேர்க்காதீங்க, வகுக்கிற எண்ணுலயும் சேர்க்காதீங்க. குறைந்தபட்சம் எத்தனை மேட்ச் ஆடணும்னு தொடர் தொடங்குறதுக்கு முன்னாடியே எழுதி ஒட்டிடுங்க. இல்லன்னா ஒரே மேட்ச் ஜெயிச்சவன் 100 சதவீதத்தோட வந்து நிப்பான்.