சிவப்பு ஓடிப்போகவில்லை

கேள்வி: அந்தமான் ஹேவ்லாக்கில் 12 மீட்டர் ஆழம் வரை ஸ்கூபா டைவிங் போனேன். நான் போட்டிருந்தது நல்ல சிவப்பு டி-ஷர்ட். படத்தில் அது கறுப்பாக இருக்கிறது, மற்றதெல்லாம் நீலப்பச்சை. வானத்தின் நீலம்தான் கடலில் பிரதிபலிக்கிறது என்று தெரியும். ஆனால் சிவப்பு எங்கே ஓடிப்போனது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: எங்கேயும் ஓடவில்லை. உங்களைச் சுற்றியிருந்த தண்ணீரிலேயே வெப்பமாகத் தங்கிவிட்டது.

தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சுருள்கம்பியில் கட்டிய குண்டுகள் போல ஓயாமல் அதிர்கின்றன. அந்த அதிர்வு முக்கியமாக உறிஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை. ஆனால் வீணைத் தந்தியை மீட்டினால் மூல சுரத்தோடு மேல் சுரங்களும் ஒலிக்கும் அல்லவா? அதேபோல் இந்த அதிர்வுக்கும் மேல் சுரங்கள் உண்டு. அவற்றில் சில சிவப்பு ஒளியைத் தொடுகின்றன. அதனால் சிவப்பும் உறிஞ்சப்பட்டு மூலக்கூறுகளின் ஆட்டமாக, அதாவது சூடாக, மாறுகிறது. சிவப்பு போக மிஞ்சுவதுதான் தண்ணீரின் நீலம். கனநீர் என்ற வகைத் தண்ணீரில் ஹைட்ரஜனின் எடை இருமடங்கு. அதிர்வு மந்தமாகி, உறிஞ்சும் இடம் அகச்சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. அதனால் கனநீருக்கு இந்த நீலம் இல்லை.

உங்கள் சட்டைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 650 நானோமீட்டர் சிவப்பு, சுத்தமான தண்ணீரில் 2 மீட்டர் போனால் பாதியாகும். வெயில் 12 மீட்டர் இறங்கி உங்கள் சட்டையில் பட்டு, அங்கிருந்து 2 மீட்டர் தள்ளியிருந்த கேமராவுக்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 14 மீட்டர், ஏழு முறை பாதி. 128-ல் ஒரு பங்குதான் மிச்சம். அதே தூரத்தில் 450 நானோமீட்டர் நீலம் 100-க்கு 88 பங்கு தப்பிவிடும். சிவப்புச் சாயம் சிவப்பைத் தவிர மற்ற நிறங்களைத் திருப்பி அனுப்பாது. திருப்பி அனுப்பச் சிவப்பு வரவில்லை, அதனால் கறுப்பு. பச்சை சேர்ந்தது மிதவை நுண்பாசிகளால். அவற்றின் பச்சையம் நீலத்தையும் தின்றுவிடும்.

அப்புறம், அந்தப் 'பிரதிபலிப்பு'. இந்தப் பக்கத்தில் பல வருஷமாக நான் அடித்து விரட்டியும் திரும்பித் திரும்பி வருகிற வாதம் இது. ஆழ்கடலின் நீலம் வெறும் வானப் பிரதிபலிப்பு என்று சொன்னவர் சாதாரண ஆள் இல்லை, இங்கிலாந்தின் பெரிய இயற்பியலாளர் ராலே பிரபு. 1921-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி.வி. ராமன், ஒரு நிகோல் பட்டகத்தை வைத்துக் கடலைப் பார்த்தார். சரியான கோணத்தில் பிடித்தால், மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வான ஒளியை அது அணைத்துவிடும். அணைத்த பிறகும் நீலம் போகவில்லை, கூடியது. பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் அனுப்பினார். நீலத்தை மேலே திருப்பி அனுப்புவது மூலக்கூறுகளின் ஒளிச்சிதறல் என்றார். நான் மேலே சொன்ன உறிஞ்சல் அதோடு சேர்ந்தே வேலை செய்கிறது. திருச்சிக்காரர் ஒருவர் கப்பல் தளத்தில் நின்றே தீர்த்துவைத்த வழக்கை, நூறு வருஷம் கழித்தும் நம் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

சரி, படத்துக்கு வருவோம். லென்ஸில் மாட்டுகிற சிவப்பு ஃபில்டர் சிவப்பைத் தராது. நீலத்தையும் பச்சையையும் குறைத்து, மிச்சமுள்ள சிவப்புக்கு ஈடாக்கும், அவ்வளவுதான். ஆழம் கூடினால் ஈடாக்க எதுவும் இருக்காது, படம் இருட்டாகிவிடும். கம்ப்யூட்டரில் சிவப்பை ஏற்றுவதற்கும் இதே எல்லை உண்டு. ஏற்றும்போது சட்டையில் மணல் தூவியது போலப் புள்ளிகள் தெரிந்தால், அங்கே ஒளி பதியவே இல்லை என்று அர்த்தம்.

சிவப்பு வேண்டுமென்றால் கையோடு கொண்டுபோக வேண்டும். 1926-ல் அமெரிக்காவின் டிரை டார்டுகாஸ் தீவுகளருகே வில்லியம் லாங்லியும் சார்லஸ் மார்ட்டினும் கடலுக்கடியில் முதல் வண்ணப்படங்களை எடுத்தபோது, ஒளிக்காக மேலே மிதவையில் மெக்னீசியப் பொடியை வெடிக்க வைத்தார்கள். உங்களுக்கு ஒரு ஃப்ளாஷ் போதும், ஆனால் நெருங்கிப் போங்கள். ஒரு மீட்டரிலிருந்து அடித்தால் ஒளி போய்வர 2 மீட்டர், பாதிச் சிவப்பு திரும்பி வரும். மூன்று மீட்டரிலிருந்து அடித்தால் எட்டில் ஒரு பங்குதான். அடுத்த முறை இறங்கும்போது கையில் ஒரு வெள்ளை டார்ச் வைத்துக்கொண்டு, உங்கள் சட்டை மேலேயே அடித்துப் பாருங்கள்.