முதல் விற்பனைக்கு முன்பு கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

கேள்வி: அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறிய தொழிற்கூடம் தொடங்குகிறேன். இயந்திரங்களுக்குப் பணம் ஒதுக்கியாகிவிட்டது. முதல் விற்பனை வரை தாக்குப்பிடிக்க நடைமுறை மூலதனம் எவ்வளவு வேண்டும்? ஒரு மாதச் செலவு போதும் என்கிறார்கள் நண்பர்கள்.

பதில்: விற்பனை நாளோடு கணக்கை நிறுத்துவதுதான் பிரச்சினை. சரக்கு அன்று வெளியே போகிறது, பணம் அன்று வருவதில்லை. அது வரும்வரை நீங்கள் ஆலையை மூடி வைத்திருக்கவும் போவதில்லை. எனவே மாதக் கணக்கை விட்டுவிட்டு, ஒரு தாளில் வாரவாரியாகப் போகும் பணத்தையும் வரும் பணத்தையும் எழுதிக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தம் எந்த வாரத்தில் மிக ஆழமாக இறங்குகிறதோ, அந்த எண்தான் உங்களுக்குத் தேவையான தொகை.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். எண்களை ஆயிரங்களாக வைத்துக்கொள்ளுங்கள். கூலி, வாடகை, மின்சாரம், கடன் தவணை எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 4. முழு உற்பத்தியில் வாரத்துக்கு 10 மதிப்புள்ள காகிதம் செலவாகிறது. ஆனால் காகிதச் சுருள்களை நான்கு வாரத்துக்கானதாக, 40-க்கு மொத்தமாகத்தான் தருகிறார்கள். புதியவருக்குக் கடனும் கிடையாது.

முதல் இரண்டு வாரம் சோதனை ஓட்டம். பசை ஒட்டாமலும் மடிப்பு விலகியும் 10 மதிப்புள்ள காகிதம் கழிவாகப் போகிறது. (இந்த வரியை எழுத எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.) 3, 4-ஆம் வாரங்களில் செய்த பெட்டிகள் நான்காம் வாரக் கடைசியில் விற்பனையாகின்றன. அதுவரை போனது 40-உம் 16-உம், ஆக 56. உங்கள் நண்பர்கள் சொன்ன ஒரு மாதச் செலவும் இதேதான்.

வாங்குபவர் ஆறு வாரத் தவணை கேட்டால், பணம் பத்தாம் வாரக் கடைசியில்தான் கைக்கு வரும். அதற்குள் ஆறாம் வாரத்தில் ஒரு முறையும் பத்தாம் வாரத் தொடக்கத்தில் ஒரு முறையும் காகிதம் வாங்கியாக வேண்டும். காகிதத்துக்கு 120, மற்ற செலவுகளுக்கு 40, மொத்தம் 160. முதல் விற்பனை நாளில் தெரிந்ததைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

இதைக் குறைக்க ஒரு வழி உண்டு. முதல் பணம் வரும்வரை பாதி அளவில் ஓட்டுங்கள். சோதனை ஓட்டம் போக மிஞ்சிய காகிதம் எட்டாம் வாரம் வரை வரும், அதனால் இரண்டே முறை வாங்கினால் போதும். தேவை 120 ஆகிவிடும். ஆனால் பாதி ஓட்டத்தில் லாபம் பெரிதாக நிற்காது, எனவே இதை நீண்ட நாள் தொடர முடியாது.

முழு ஓட்டத்தில் வாங்குபவர் நான்கு வாரம் தாமதித்தால், 160 என்பது 216 ஆகிவிடும். தவணையை எந்த நாளிலிருந்து எண்ணுகிறார் என்பதையும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். சரக்கு இறங்கிய நாளையல்ல, தரப் பரிசோதனையில் தேறிய நாளையே கணக்கில் எடுப்பவர்கள் பலர். அவருக்கு ஏற்கெனவே சரக்கு தருகிற இருவரிடம் பேசி, உண்மையில் எத்தனை நாளில் பணம் வருகிறது என்று கேட்டு, அந்த எண்ணைத் தாளில் போடுங்கள்.