ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது: சிங்கப்பூர் வாசகர்களின் கேள்வி பதில்

செல்வி, உட்லண்ட்ஸ்: நேத்து ராத்திரி 200 வெள்ளி எடுக்கப் போனேன் அண்ணே. உள்ளே நோட்டு எண்ணுற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் மன்னிப்பு கேட்டு கார்டைத் துப்பிடுச்சு. கணக்குல 200 குறைஞ்சிருக்கு. தானா திரும்பி வருமா?

பதில்: பெரும்பாலும் வரும். ஆனால் எப்போது வரும் என்பதை முடிவு செய்வது ஒன்றே ஒன்றுதான்: பணம் கொடுக்கவில்லை என்பது அந்த மெஷினுக்கே தெரியுமா?

நீங்கள் தொகையை அழுத்தியதும் வங்கி முதலில் கணக்கில் கழித்துவிட்டு, 'கொடு' என்று மெஷினுக்குச் சொல்கிறது. மெஷின் பெட்டியிலிருந்து நோட்டை உருவி, அடுக்கி, வாசலுக்குத் தள்ள வேண்டும். நடுவில் நோட்டு சிக்கினால் மெஷினுக்கு அது தெரியும். உடனே 'கொடுக்கவில்லை, திருப்பிப் போடு' என்று வங்கிக்குத் தகவல் போகும். உங்களுக்கு மன்னிப்புச் செய்தி வந்திருப்பதால் இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். சொந்த வங்கியின் மெஷின் என்றால் பல நேரம் சில நிமிடத்திலேயே வரவாகிவிடும். அந்த நேரத்தில் லைன் துண்டித்திருந்தால் தகவல் மெஷினில் காத்திருந்து, லைன் வந்த பிறகு போகும்.

இன்னொரு வகை, கொடுத்துவிட்டதாக மெஷின் நினைத்துக்கொள்வது. அப்போது எதுவும் தானாக நடக்காது. பணம் நிரப்புகிறவர்கள் வந்து மெஷினைத் திறந்து எண்ணும்போதுதான் மிச்சம் தெரியும். அது வழக்கமாகச் சில வேலை நாள் ஆகிற காரியம். வெள்ளிக்கிழமை இரவு நடந்தால் இன்னும் இழுக்கும்.

உங்கள் வங்கியின் மெஷினாக இருந்து இன்று மாலைக்குள் வரவில்லை என்றால் காத்திருக்காமல் வங்கிக்கு அழைத்துப் புகார் எண் வாங்கிவிடுங்கள். மெஷின் இருந்த இடம், அதன் மேல் ஒட்டியிருக்கும் எண், நிமிடம் வரைக்கும் நேரம், தொகை, திரையில் வந்த வாசகம் ஆகியவற்றைக் கேட்பார்கள். ரசீது வந்திருந்தால் போனில் படம் பிடித்து வையுங்கள், அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.

செல்வி: மறுபடியும் அங்கேயே 200 எடுத்துப் பார்க்கலாமான்னு நினைச்சேன்.

பதில்: நல்லவேளை எடுக்கவில்லை. ஒரே மெஷினில், அடுத்தடுத்த நிமிடத்தில், ஒரே தொகையில் இரண்டு பதிவு இருந்தால் எது வந்தது, எது வரவில்லை என்று பிரிக்கிறவர்களுக்குக் குழப்பம்தான். அவசரம் என்றால் வேறு மெஷினுக்குப் போய் வேறு தொகை, 150 என்று எடுங்கள்.

முருகேசன், தேக்கா: இதுக்கு சட்டமே இருக்கு. 5 நாள்ல திருப்பிப் போடலைன்னா ஒரு நாளைக்கு 100 ரூபாய் வங்கி கொடுக்கணும். செல்வி இங்கேயும் கேட்கலாம்.

பதில்: பாதி சரி, முருகேசன். அது இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட உத்தரவு. இரண்டு பக்கமும் இந்தியாவுக்குள் இருக்கும் பரிவர்த்தனைக்கு மட்டும்தான் பொருந்தும். உட்லண்ட்ஸ் மெஷினுக்கு அதைக் காட்ட முடியாது. இங்கே உங்கள் வங்கி சொல்லும் நாள்தான் கணக்கு. அதனால் 'எந்தத் தேதிக்குள் முடிப்பீர்கள்' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கச் சொல்கிறேன்.

ராஜா, ஜூரோங்: எனக்கு அந்தச் சட்டம் பொருந்தும்னு நினைக்கிறேன். லீவுக்கு ஊருக்குப் போனப்போ, இந்திய வங்கியில வெச்சிருக்கிற என்ஆர்ஓ கணக்கு கார்டுல, மாயவரத்துல வேற வங்கி ஏடிஎம்ல 10,000 ரூபாய் எடுத்தேன். பணம் வரலை. மார்ச் 2ல நடந்தது, 12ஆம் தேதிதான் திரும்ப ஏறுச்சு. அபராதம் எதுவும் வரலையே?

பதில்: பொருந்தும். நீங்கள் சிங்கப்பூரில் இருப்பது இதில் பிரச்சினை இல்லை. கார்டும் மெஷினும் இந்தியாவில் இருந்ததுதான் முக்கியம். அடுத்த வங்கியின் மெஷின் என்பதும் தடையில்லை.

இதில் எண்ணுவது காலண்டர் நாள், வேலை நாள் அல்ல. நடந்த நாள் மார்ச் 2. அதோடு 5 நாள் சேர்த்தால் மார்ச் 7. அன்று முடிவதற்குள் பணம் ஏறியிருக்க வேண்டும். 12ஆம் தேதி ஏறியதால் 5 நாள் தாமதம், அதாவது 500 ரூபாய். நீங்கள் கேட்காமலே போட வேண்டும் என்று உத்தரவிலேயே இருக்கிறது. ஆனாலும் பலருக்குக் கேட்டால்தான் வருகிறது.

கார்டு கொடுத்த உங்கள் வங்கிக்குத்தான் எழுத வேண்டும், மெஷின் வைத்திருக்கும் வங்கிக்கு அல்ல. இரண்டு தேதியும் தெரிகிற கணக்கு விவரத்தை இணையுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனிடம் cms.rbi.org.in வழியாக இங்கிருந்தே புகார் பதியலாம்.

மீனா: நான் பேநவ்ல தப்பான நம்பருக்கு 80 வெள்ளி அனுப்பிட்டேன். அதுவும் 5 நாள்ல தானா வருமா?

பதில்: வராதும்மா. அது வேறு விஷயம். பணம் ஒருவர் கணக்கில் ஏறிவிட்டது, அவர் சம்மதித்தால்தான் திரும்பும். இப்போதே உங்கள் வங்கிக்கு அழையுங்கள்.

கார்த்திக்: சிராங்கூன் ரோட்டுல ஒரு ஏடிஎம்ல ஊர் கார்டைப் போட்டு 100 வெள்ளி எடுக்கப் பார்த்தேன். பணம் வரலை, ஊர்க் கணக்குல ரூபாய் போயிடுச்சு. இங்கே இருக்கிற வங்கிக்குப் போனா 'எங்க வாடிக்கையாளர் இல்லை'ன்னு அனுப்பிட்டாங்க.

பதில்: அவர்கள் சொன்னது கடுமையாகத் தெரிந்தாலும் வழக்கம் அதுதான். ஊர் வங்கியில் புகார் கொடுங்கள். அவர்கள் கார்டு நெட்வொர்க் வழியாக இங்குள்ள வங்கியிடம் மெஷின் பதிவைக் கேட்பார்கள். மெஷின் சரியான நேரத்தில் தகவல் அனுப்பியிருந்தால் சில நாளில் முடியும். இல்லாவிட்டால் வாரக்கணக்கில் போகும். தினம் 100 ரூபாய் இதற்குக் கிடையாது. திரும்பும்போது ரூபாய் மதிப்பு மாறியிருந்தால் தொகை கொஞ்சம் கூடலாம், குறையலாம். வெளிநாட்டுக் கட்டணமும் சேர்ந்து திரும்பியதா என்று பாருங்கள், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பெயர் வேண்டாம்: வங்கி மூணு வாரம் பார்த்துட்டு 'பணம் வெற்றிகரமாகக் கொடுக்கப்பட்டது'ன்னு கடிதம் அனுப்பிட்டாங்க. 300 வெள்ளி. நான் ஒரு நோட்டும் வாங்கலை.

பதில்: 'வெற்றிகரமாக' என்பது மெஷின் எழுதி வைத்த பதிவு. அது மட்டும் போதாது. மெஷினைத் திறந்து எண்ணிய கணக்கு என்ன சொன்னது என்று கேளுங்கள். வைத்த நோட்டுகளில் பதிவான எடுப்புகளைக் கழித்தால் இவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு எண்ணிக்கை வரும். அதைவிட ஆறு 50 வெள்ளி நோட்டு அதிகம் இருந்தால் அது உங்களுடையதாக இருக்க நியாயம் உண்டு. எடுக்காமல் உள்ளே திரும்ப இழுக்கப்பட்ட நோட்டுகள் தனிப் பெட்டியில் விழும், அதையும் எண்ணினார்களா என்று கேளுங்கள்.

மிச்சம் இல்லை என்றால் நோட்டு வெளியே போயிருக்கிறது. நீங்கள் நகர்ந்த பிறகு தாமதமாக வந்து அடுத்தவர் எடுத்திருக்கலாம். அல்லது வாசலில் போலித் தகடு ஒட்டி யாராவது நோட்டைப் பிடித்திருக்கலாம். இரண்டிலும் கேமராதான் சொல்லும். பிறர் முகம் இருப்பதால் படத்தை உங்களிடம் காட்டத் தயங்குவார்கள். அந்த நிமிடத்தைப் பார்த்து எழுத்தில் பதில் சொல்லுங்கள் என்று கேளுங்கள், கூடவே போலீஸ் புகாரும் கொடுங்கள்.

பெயர் வேண்டாம்: அப்பவும் அதே பதில் வந்தா?

பதில்: வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் உள்ள தகராறைத் தீர்க்கும் மையமான ஃபிட்ரெக்குக்குப் போகலாம். வங்கியின் இறுதிப் பதில் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், அதனால் அந்தக் கடிதத்தைத் தொலைக்காதீர்கள். கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. எண்ணிக்கையில் மிச்சம் இல்லாமல் கேமராவும் தெளிவில்லாமல் இருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான். எண்ணிய கணக்கைக் காட்ட வங்கி மறுத்தால் அதையே முதல் வரியாக எழுதுங்கள்.