கடைசியாக இறங்குபவர் தலையில் சுற்றுவழிக் காசு

கேள்வி: சார், மாதத்தில் இரண்டு முறை பெங்களூரிலிருந்து ராத்திரி விமானத்தில் சென்னை வருகிறோம். மூன்று பேரும் ஒரே டாக்சி. ஒருவர் அசோக் நகர், அடுத்தவர் வளசரவாக்கம், கடைசியில் நான் அண்ணா நகர். போன வாரம் 23 கிலோமீட்டருக்கு 690 ரூபாய். யார் யார் வண்டியில் இருந்தோமோ அந்தந்தத் தூரத்தைப் பங்கு போட்டதில் என் பங்கு 400 வந்தது. நான் தனியாக வந்தாலே 540தான். இது சரியா? (வாசகர், அண்ணா நகர்)

பதில்: சரியில்லை. ஆனால் நண்பர்கள் உங்களை ஏமாற்றவும் இல்லை. நீங்கள் பின்பற்றியது நல்ல முறைதான், உங்கள் பாதைக்குப் பொருந்தாத முறை.

ஒரே நேர் சாலையில் வரிசையாக இறங்குபவர்களுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். 1973-ல் லிட்டில்சைல்டு, ஓவன் என்ற இருவர் விமான ஓடுபாதைச் செலவை இப்படித்தான் பிரித்துக் காட்டினார்கள். சின்ன விமானத்துக்குக் குட்டை ஓடுபாதை போதும். அதற்கு மேல் நீட்டிய பகுதிக்கு, அந்த நீளம் தேவைப்படும் பெரிய விமானங்கள் மட்டும் பணம் தரட்டும் என்பது கணக்கு. உங்கள் வண்டியோ நேராகப் போகவில்லை. கத்திப்பாரா தாண்டி நூறடி சாலையில் வந்து, வடபழனியில் ஆற்காடு சாலைக்குத் திரும்பி வளசரவாக்கம் போய், அங்கிருந்து அண்ணா நகர் வருகிறது.

கிலோமீட்டருக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அசோக் நகர் வரை 10 கி.மீ., 300 ரூபாய், ஆளுக்கு 100. அங்கிருந்து வளசரவாக்கம் 6 கி.மீ., 180 ரூபாய், இரண்டு பேருக்கு 90, 90. மீதி 7 கி.மீ.க்கான 210 முழுக்க உங்களுடையது. அந்த 400 இப்படித்தான் வந்தது.

இப்போது வளசரவாக்கம் நண்பர் அன்று வரவில்லை என்று நினைத்துப் பாருங்கள். மொத்தம் 18 கி.மீ., 540 ரூபாய். அசோக் நகர் வரை ஆளுக்கு 150, அப்புறம் உங்களுக்கு மட்டும் 240. ஆக 390. இன்னொருவர் வண்டியில் ஏறியதால் உங்கள் செலவு பத்து ரூபாய் கூடியிருக்கிறது! ஊர் சுற்றிய நேரம் தனி. கூட்டாளி சேரச் சேர ஒருவரின் பங்கு ஏறினால், பங்கு போட்ட முறையில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

ஓட்டை எங்கே? அவருக்காக உள்ளே போன தூரத்தில் பாதியும், அங்கிருந்து திரும்பி வந்த தூரம் முழுவதும் உங்கள் கணக்கில் விழுந்துவிட்டது. வண்டியில் உட்கார்ந்திருந்தது நீங்கள்தான், ஆனால் அந்தப் பாதை உங்களுக்காகப் போனதில்லை.

அதனால் முதலில் சுற்றுவழியைத் தனியாக எடுத்து வையுங்கள். 23-ல் 18 போனால் 5 கி.மீ., 150 ரூபாய். அது வளசரவாக்கம் நண்பருடையது. மீதியுள்ள நேர்வழியை உங்கள் பழைய முறையிலேயே பிரிக்கலாம். அசோக் நகர் வரை ஆளுக்கு 100. அங்கிருந்து வடபழனி திருப்பம் வரை 2 கி.மீ., 60 ரூபாய், உங்கள் இருவருக்கும் 30, 30. வடபழனியிலிருந்து அண்ணா நகருக்கான 6 கி.மீ., 180 ரூபாய் உங்களுக்கு. முடிவில் அசோக் நகர் 100, வளசரவாக்கம் 280, நீங்கள் 310.

280 கேட்டதும் நண்பர் முகம் சுளிக்கலாம். அவர் தனியாக வந்தால் வண்டி வடபழனிக்கே வராது. கத்திப்பாராவிலிருந்து நந்தம்பாக்கம், ராமாபுரம் வழியாகப் போய்விடும். சுமார் 13 கி.மீ., 390 ரூபாய். அதைச் சொன்னால் 110 மிச்சம் என்பது அவருக்கே புரியும். அந்த 390தான் அவருடைய உச்சவரம்பும். என்றைக்காவது சுற்றுவழியோடு சேர்த்து அவர் பங்கு அதைத் தாண்டினால், அன்று தனி வண்டி பிடிப்பதே அவருக்கு லாபம்.

இதற்கெல்லாம் தனித்தனிக் கட்டணம் தெரிய வேண்டுமே? பெட்டிக்காகக் காத்திருக்கும்போதே மூவரும் அவரவர் வீட்டு முகவரியைச் செயலியில் போட்டு, வரும் தொகையைப் படம் பிடித்து வையுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் விலை மாறியிருக்கும். நெரிசல் நேரத்துக் கூடுதல் கட்டணம் பத்து நிமிடத்தில் ஏறி இறங்கும். பில்லில் விமான நிலைய பார்க்கிங் கட்டணம் இருந்தால் அதைத் தூரத்தோடு கலக்காமல் தலைக்குச் சமமாகப் போடுங்கள். ஒருவர் பெட்டி தாமதமாகி வண்டி காத்திருந்தால் அந்தக் காசு அவருடையது. நான் அதில் கறார்தான்.

இன்னொன்று. பில் உங்கள் பெயரில் வருகிறது என்றால், அலுவலகத்தில் 690-ஐ அப்படியே கேட்காதீர்கள். நண்பர்கள் அனுப்பிய 380 உங்கள் கணக்கில் யு.பி.ஐ. வரவாக நிற்கும். 310-க்கு மட்டும் கேளுங்கள், பங்குக் கணக்கைப் பில்லோடு இணைத்துக் கொடுங்கள்.