சக ஊழியரின் கட்டுரையில் எவ்வளவு கை வைக்கலாம்?

“எங்கள் அலுவலக இதழுக்கு உடன் வேலை பார்ப்பவர் எழுதியதைத் திருத்தினேன். ‘இது என் எழுத்தே இல்லை’ என்று வருத்தப்படுகிறார். எங்கே நிறுத்துவது?”

முதல் வாசிப்பில் எதையும் மாற்றாதீர்கள். அவர் வாக்கியங்களை எப்படி முடிக்கிறார், எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் பாருங்கள். “மழை வந்தது. கூரை ஒழுகியது. ஓடினோம்.” என்று அவர் எழுதியிருந்தால், “மழை வந்து கூரை ஒழுகியதால் ஓடினோம்” என்று சேர்த்துவிடாதீர்கள். இலக்கணம் இரண்டிலும் சரிதான். ஆனால் அந்தப் பதற்றம் போய்விடும். பெரும்பாலும் நடை சாகிற இடம் இதுதான்.

“வண்டிகள் வந்தது” என்பதை “வந்தன” ஆக்கக் கேட்க வேண்டியதில்லை. யாராவது பேசுவதாக மேற்கோளில் வந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

பொருள் மயங்கும் இடத்தில் நீங்களாக முடிவெடுக்காதீர்கள். “புகார் சொன்ன மேலாளரின் உதவியாளர்” என்றால் புகார் சொன்னது யார்? ஓரத்தில் கேள்வியாகப் போடுங்கள், அவரே மாற்றி எழுதட்டும்.

மற்ற ஒவ்வொரு திருத்தத்துக்கும் ‘ஏன்’ என்று ஒரு வரியில் காரணம் சொல்லிப் பாருங்கள். “இப்படி நன்றாக இருக்கிறது” என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லையென்றால் பழையபடியே வைத்துவிடுங்கள். கூகுள் டாக்ஸ் என்றால் Suggesting நிலையில் திருத்துங்கள்; ஏற்பதும் மறுப்பதும் அவர் கையில் இருக்கும்.