கண்ணாடிக்குள் ஆவி படிந்த வாட்சை விமானத்தில் கட்டலாமா?

"சார், குளச்சலில் மீன் ஏற்றுமதி செய்யும் இடத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வாட்சை காரின் டேஷ்போர்டில் வைத்திருப்பேன், எடுத்துக் கட்டிக்கொண்டு ஃப்ரீசர் அறைக்குள் போவேன். இப்போது கண்ணாடிக்குள் ஆவி படிகிறது. அடுத்த மாதம் கனடா போகிறேன். விமானத்தில் கட்டலாமா?"

கட்டலாம். ஆனால் அதற்கு முன்பு வாட்சைப் பழுது பார்த்துவிடுங்கள். அதைக் கெடுத்தது டேஷ்போர்டும் ஃப்ரீசரும் சேர்ந்துதான்.

வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டும். ஃப்ரீசர் அறை மைனஸ் 18. அந்தச் சூட்டோடு உள்ளே போனால் வாட்சுக்குள் இருக்கும் காற்று சுருங்கி, அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். பின் மூடியிலும் சாவித் தண்டிலும் உள்ள ரப்பர் வாஷர் நன்றாக இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் நாள்பட்ட சூட்டில் ரப்பர் இறுகிவிடும். அப்போது வெளிக்காற்றை வாட்ச் உள்ளே இழுத்துக்கொள்ளும். நம் கடலோரக் காற்றில் ஈரமும் உப்பும் உண்டு. சூடான வாட்சோடு குழாயில் கை கழுவுவது இன்னும் மோசம், அப்போது உள்ளே போவது தண்ணீர்.

குளிரில் படியும் ஆவி எல்லாமே ஆபத்தில்லை. வாட்ச் பூட்டப்பட்டபோதே உள்ளே தங்கிய ஈரம் லேசாகப் படிந்து, வெளியே வந்ததும் சீக்கிரம் மறைந்துவிடும். சந்தேகம் இருந்தால் இப்படிப் பாருங்கள்: கையில் கட்டி உடம்புச் சூடு ஏறிய வாட்சின் கண்ணாடி மேல் ஒரு சொட்டு குளிர்ந்த தண்ணீர் வையுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். சொட்டு இருந்த இடத்தில் உட்புறமாக மங்கல் நின்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. சரி, உடனே கடைக்குப் போக வேண்டியதுதான். அரிசிப் பானையில் புதைத்து வைப்பதும், ஹேர் டிரையர் காட்டுவதும் வேண்டாம். சாவித் தண்டு துருப்பிடிக்கத் தொடங்கினால் செலவு பல மடங்காகும். திறந்து உலர்த்தி, வாஷர்களை மாற்றி, அழுத்தச் சோதனை செய்து தரச் சொல்லுங்கள். செல் மட்டும் மாற்றி, பழைய வாஷரையே போட்டு மூடுவதுதான் பல வாட்சுகளின் கேடு, கேட்டு வாங்குங்கள்.

இனி டேஷ்போர்டில் வைக்காதீர்கள். ஃப்ரீசருக்குள் போகும்போது வாட்சை வெளியே அலமாரியில் விட்டுவிடுங்கள். அது முடியாவிட்டால் சட்டைக் கைக்குள் தோலை ஒட்டி இருக்கட்டும். உடம்புச் சூடு கொஞ்சம் காக்கும்.

விமான கேபினில் அழுத்தம் தரையில் இருப்பதில் சுமார் முக்கால் பங்கு. அது மெதுவாகத்தான் குறையும், வாஷர் நன்றாக உள்ள வாட்சுக்கு அது பெரிதே இல்லை. சாவியை முழுக்க உள்ளே அழுத்தி, திருகு உள்ளதானால் திருகியும் வைத்துவிடுங்கள். நீண்ட பயணத்தில் கை வீங்கும், ஸ்ட்ராப்பை ஒரு துளை தளர்த்திக் கட்டுங்கள். கழற்றினால் கைப்பையில் துணிக்குள் சுற்றி வையுங்கள், செக்-இன் பெட்டியில் போடவே வேண்டாம்.