சுண்டு விரலருகே ஆறாவது விரல்: எப்போது எடுப்பது?

கேள்வி: பிறந்து மூன்று நாளான மகனுக்கு இடது சுண்டு விரலை ஒட்டி இன்னொரு குட்டி விரல் தொங்குகிறது. காலில் இரண்டாவது, மூன்றாவது விரல்கள் ஒட்டியுள்ளன. உடனே ஆபரேஷன் வேண்டுமா?

அவசரம் இல்லை. முதலில் டாக்டர் அந்த விரலின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்ப்பார். மெல்லிய தோல் காம்பில் தொங்குகிறதா, எலும்பும் மூட்டும் உண்டா என்பதே முக்கியம். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே எடுப்பார்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்றும் கேட்பார்கள். பரம்பரையாக வருவது சகஜம். இதயம், சிறுநீரகம், முகம், கை கால் நீளம் எல்லாம் இயல்பாக இருந்தால் பெரும்பாலும் இது விரலோடு நிற்கிற விஷயம்தான். இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டாலோ கை கால் குட்டையாக இருந்தாலோ எக்கோ, மரபணுப் பரிசோதனை என்று மேலே போவார்கள்.

தயவுசெய்து வீட்டில் நூலோ முடியோ கட்டி விழ வைக்காதீர்கள். ரத்தம் கசியும், சீழ் பிடிக்கும். உள்ளே மிஞ்சும் நரம்பு முனை பின்னாளில் தொட்டாலே வலிக்கும் முடிச்சாகும். மெல்லிய காம்பு என்றால் மரத்துப்போகும் ஊசி போட்டு முதல் சில வாரங்களிலேயே டாக்டர் வெட்டி எடுத்துவிடலாம். எலும்போடு இருந்தால் முழு மயக்கம் வேண்டும். அதனால் வழக்கமாக ஒரு வயதை ஒட்டிச் செய்வார்கள்.

கால் விரல்கள் வெறும் தோலால் ஒட்டியிருந்தால் நடையைப் பாதிக்காது. பிரித்தால் உடலின் வேறு இடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டி வரலாம், தழும்பும் மிஞ்சும். அப்படியே விடுவதே நல்லது என்பேன். ஒட்டியிருப்பது கை விரல்களாக இருந்தால் கதை வேறு: நீளம் மாறுபட்ட விரல்கள் வளர வளர ஒன்றையொன்று வளைத்துவிடும் என்பதால் சீக்கிரமே பிரிப்பார்கள்.